ஆரம்பப் பிரிவுக்கு ஒரு பாராளுமன்றம்: பேச்சை விடத் திருத்தம் முக்கியம்

பாடசாலை விழாக்களில் மாதிரிப் பாராளுமன்றம் என்று ஒரு நிகழ்ச்சி இடம்பெறுவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஒரு பிள்ளை கறுப்பு அங்கி அணிந்து சபாநாயகராக அமர்ந்திருப்பாள். இருபுறமும் ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சியும் இருக்கும். ஆசிரியை எழுதிக் கொடுத்த உரைகளை ஒவ்வொருவராக எழுந்து மனனமாகச் சொல்வார்கள். தலைப்பு நாட்டின் பொருளாதாரமாகவோ போதைப்பொருள் ஒழிப்பாகவோ இருக்கும். யார் வெல்வார் என்பது பயிற்சியின் முதல் நாளே தீர்மானிக்கப்பட்டிருக்கும். பெற்றார் கைதட்டுவார்கள், படம் எடுப்பார்கள், நிகழ்ச்சி முடிந்துவிடும்.

இதில் பிள்ளைகள் நன்றாகப் பேசப் பழகுகிறார்கள் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் பேச்சுப் போட்டியிலும் அதைப் பழகலாம். பாராளுமன்றத்தின் வேலை வேறு. எழுதப்பட்ட ஒரு சட்டமூலத்தை எடுத்து, அதன் ஒவ்வொரு வரியையும் விவாதித்து, தேவையான இடத்தில் சொற்களை மாற்றி, பிறகு எல்லோரும் கட்டுப்பட வேண்டிய சட்டமாக ஆக்குவதே அதன் வேலை. எமது மாதிரிப் பாராளுமன்றங்களில் இந்த நடுப்பகுதி மட்டும் காணாமற் போய்விடுகிறது. மரியாதையாக விவாதிக்கும் பழக்கம் உண்டாவதும் அந்த நடுப்பகுதியில்தான் என்பது எனது கருத்து. தரம் 4, 5 பிள்ளைகளுக்கு மாதிரிப் பாராளுமன்றம் நடத்துவதென்றால், உரைகளைக் குறைத்துத் திருத்தங்களைக் கூட்ட வேண்டும். அதை எப்படிச் செய்யலாம் என்பதை, எமது உயர்தர அரசியல் விஞ்ஞான வகுப்பு மாணவிகள் சிலர் ஒரு வகுப்பாசிரியையின் உதவியுடன் தரம் 5 இல் நடத்திய ஓர் அமர்வை வைத்து விளக்குகிறேன்.

முதலில் எதைப் பற்றிச் சட்டம் இயற்றுவது என்று பார்ப்போம். பத்து வயதுப் பிள்ளைக்கு வரிக் கொள்கை பற்றிச் சொந்தக் கருத்து இருக்காது. கருத்து இல்லாத இடத்தில் அவள் பிறர் எழுதியதைத்தான் வாசிப்பாள். எனவே தலைப்பு மூன்று நிபந்தனைகளுக்குப் பொருந்த வேண்டும். பிள்ளைகள் அதை நாள்தோறும் அனுபவிக்க வேண்டும். அதில் உண்மையாகவே இரு பக்கம் இருக்க வேண்டும். முடிவு எதுவானாலும் அதை நடைமுறைப்படுத்த வகுப்பாசிரியையால் இயல வேண்டும். மூன்றாவது நிபந்தனையைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். பிள்ளைகள் ஒரு முடிவுக்கு வந்து, அடுத்த திங்கட்கிழமை எதுவுமே மாறவில்லை என்றால், சட்டம் என்பது விளையாட்டு என்றுதான் அவர்கள் கற்றுக்கொள்வார்கள்.

நாங்கள் தேர்ந்தெடுத்தது வகுப்பறையிலிருந்த புத்தக அலுமாரி. அதில் 48 கதைப் புத்தகங்கள் இருந்தன. வகுப்பில் 35 மாணவிகள். சிலர் புத்தகத்தை எடுத்து மாதக்கணக்கில் வீட்டில் வைத்திருப்பதும், சிலருக்கு நல்ல புத்தகம் கிடைக்காமற் போவதும் வழமையாக இருந்தது. நாங்கள் எழுதிக் கொடுத்த சட்டமூலத்தில் மூன்று வாசகங்கள் மட்டுமே இருந்தன. சட்டமாக முன் ஒரு சட்டமூலத்தின் ஒவ்வொரு பகுதியையும் எமது பாராளுமன்றத்தில் வாசகம் என்று அழைப்பார்கள்.

வாசகம் 1: ஒரு மாணவி ஒரு தடவையில் ஒரு புத்தகம் எடுக்கலாம்.
வாசகம் 2: எடுத்த புத்தகத்தை ஏழு நாட்களுக்குள் திருப்பிக் கொடுக்க வேண்டும்.
வாசகம் 3: பிந்திக் கொடுப்பவர் ஒரு மாதத்துக்குப் புத்தகம் எடுக்க முடியாது.

இந்தச் சட்டமூலத்தை வேண்டுமென்றே குறைகளுடன் எழுதினோம். குறையில்லாத சட்டமூலத்தைக் கொடுத்தால் பிள்ளைகளுக்குத் திருத்த ஒன்றும் இருக்காது. மூன்றாம் வாசகம் கடுமையானது. இரண்டாம் வாசகத்தில் நோய் பற்றியோ விடுமுறை பற்றியோ எதுவும் இல்லை. இவற்றை நாங்கள் சுட்டிக்காட்டவில்லை, பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும் என்று விட்டுவிட்டோம். நாட்டில் ஒரு சட்டமூலம் வர்த்தமானியில் வெளியிடப்பட்ட பின்னரே பாராளுமன்றத்தின் ஒழுங்குப் பத்திரத்தில் இடம்பெறுகிறது. மக்கள் முன்கூட்டியே வாசித்துப் பார்க்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். அதேபோல நாங்களும் சட்டமூலத்தை மூன்று நாட்களுக்கு முன்னரே வகுப்பு அறிவித்தற் பலகையில் ஒட்டிவிட்டோம்.

அடுத்தது பொறுப்புகள். சபாநாயகர் ஒருவர். வாசகங்களை வாசித்து வாக்குகளை எண்ணும் செயலாளர் நாயகம் ஒருவர். செங்கோலை ஏந்தி வருவதும் நேரம் முடிந்ததும் மணி அடிப்பதும் படைக்கலச் சேவிதரின் வேலை. உண்மையான சபையில் மணி அடிப்பது அவரது வேலையல்ல என்றாலும் ஒரு பிள்ளைக்கு இரண்டு வேலை இருப்பது நல்லதென்று சேர்த்துக்கொண்டோம். நடந்ததை எழுதும் ஹன்சாட் பதிவாளர்கள் இருவர். மீதி 30 பேரும் உறுப்பினர்கள். அந்த ஐந்து பொறுப்புகளையும் திருவுளச்சீட்டு மூலம் கொடுத்தோம். வகுப்பில் நன்றாகப் பேசும் பிள்ளையைச் சபாநாயகராக்குவதுதான் வழக்கம். அது இரு வகையில் நட்டம். சபாநாயகர் விவாதத்தில் பேச முடியாது என்பதால் நல்ல பேச்சாளர் ஒருவரைச் சபை இழக்கிறது. மற்றது, கேட்கப் பழக வேண்டிய ஒரு பிள்ளைக்கு அந்த வாய்ப்புக் கிடைக்காமற் போகிறது.

ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி என்று நாங்கள் பிரிக்கவில்லை. இதைச் சிலர் ஏற்கமாட்டார்கள். எதிர்க்கட்சி இல்லாமல் பாராளுமன்றமா என்று கேட்பார்கள். எதிர்க்கட்சி மிகவும் அவசியமானது என்பதில் எனக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் ஆரம்பப் பிரிவில் ஒரு பிள்ளையின் மீது எதிர்க்கட்சி என்ற பெயரை ஒட்டிவிட்டால், எதையும் எதிர்ப்பதே தனது கடமை என்று அவள் நினைத்துவிடுகிறாள். மற்றப் பக்கம் சொன்னது சரி என்று பட்டாலும் தலையாட்ட அவளால் முடியாது. முதலில் ஒவ்வொரு வாசகத்துக்கும் மனச்சாட்சிப்படி வாக்களிக்கப் பழகட்டும். கட்சி முறையைத் தரம் 6 க்குப் பிறகு குடியியற் கல்வியில் படிக்கும்போது சேர்த்துக்கொள்ளலாம்.

இனி, மரியாதை. மரியாதையாகப் பேசுங்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிப் பயனில்லை. வீட்டிலும் வகுப்பிலும் அதை ஆயிரம் தடவை கேட்டுவிட்டார்கள். பாராளுமன்றத்தின் நடைமுறை விதிகள் அறிவுரை சொல்வதில்லை. கோபத்தில் இருப்பவர் கூட மரியாதை தவறாமல் பேசும்படி வழியை அமைத்து வைத்திருக்கின்றன. நாங்கள் மூன்று விதிகளை மட்டும் வைத்தோம்.

முதல் விதி, யாரும் இன்னொரு உறுப்பினரைப் பார்த்துப் பேசக் கூடாது. எல்லாம் சபாநாயகருக்கே சொல்லப்பட வேண்டும். இது எமது பாராளுமன்றத்தில் உண்மையாகவே உள்ள விதி. தமிழில் இதன் பலன் உடனே தெரிகிறது. "நீ சொல்றது பிழை" என்று தொடங்க வந்த பிள்ளை, "கௌரவ சபாநாயகர் அவர்களே, கௌரவ உறுப்பினர் சொன்ன கருத்தில் ஒரு பிழை இருக்கிறது" என்று மாற்ற வேண்டியதாகிறது. "நீ" என்ற சொல்லுக்கு இடமே இல்லை. "நீ" போனதும் பாதிச் சண்டையும் போய்விடுகிறது. பிழை ஆளிடம் இருந்து கருத்துக்கு நகர்ந்துவிடுகிறது.

இரண்டாம் விதி, மறுத்துப் பேச விரும்புபவர் முதலில் தனக்கு முன் பேசியவரின் காரணத்தைத் தன் சொந்தச் சொற்களில் சொல்ல வேண்டும். முன் பேசியவர் "ஆம், அதைத்தான் சொன்னேன்" என்று தலையசைத்த பிறகே மறுப்பைத் தொடங்கலாம். இது நாட்டின் பாராளுமன்றத்தில் இல்லை. நாங்கள் சேர்த்தது. இருந்திருந்தால் நன்றாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

மூன்றாம் விதி, ஒருவருக்கு ஒரு நிமிடம். ஒவ்வொருவர் கையிலும் மூன்று புளியங்கொட்டை கொடுத்தோம். பேச எழும்போதெல்லாம் ஒன்றைத் தகர டப்பாவில் போட வேண்டும். மூன்றும் முடிந்தால் இனி வாக்களிக்க மட்டும்தான் முடியும். வாயாடிகள் யோசித்துச் செலவழிக்கிறார்கள். அமர்வின் இறுதியில் யார் கையில் மூன்றும் அப்படியே இருக்கின்றன என்று பார்த்தால் பேசாத பிள்ளைகள் யார் என்பது ஆசிரியைக்குத் தெரிந்துவிடும். செலவில்லாத அளவுகோல் இது.

முழு வேலையையும் நான்கு நாட்களில், நாளொன்றுக்கு ஒரு பாடவேளையாக முடித்தோம். முதல் நாள் பொறுப்புகளைப் பிரித்துச் சட்டமூலத்தை வாசித்தோம். இது முதலாம் மதிப்பீடு. இரண்டாம் நாள் இரண்டாம் மதிப்பீடு. அதில் சொற்களைப் பற்றிப் பேசுவதில்லை. இப்படி ஒரு சட்டம் எமக்குத் தேவையா என்ற அடிப்படைக் கேள்வி மட்டும்தான். தேவையில்லை என்று எட்டுப் பேர் நின்றார்கள். சட்டம் வந்தால் பயத்தில் சிலர் அலுமாரிப் பக்கமே வரமாட்டார்கள் என்பது அவர்களின் வாதம். 22 வாக்குகளுக்கு 8 என்ற கணக்கில் சட்டமூலம் அடுத்த கட்டத்துக்குச் சென்றது. ஆனால் அந்த எட்டுப் பேரின் பயத்துக்குப் பிறகு வேலை வந்தது.

மூன்றாம் நாள் குழுநிலை. இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். 30 உறுப்பினர்களும் ஐந்து பேர் கொண்ட ஆறு குழுக்களாகப் பிரிந்தார்கள். ஒவ்வொரு வாசகத்துக்கும் இரண்டு குழுக்கள். திருத்தம் தேவை என்று நினைத்தால் அதை ஒரே வசனத்தில் எழுதித் தர வேண்டும். எந்தச் சொல்லை எடுத்து எந்தச் சொல்லைப் போடுவது என்பது அதில் தெளிவாக இருக்க வேண்டும். "இந்த வாசகம் சரியில்லை" என்று மட்டும் எழுதினால் செயலாளர் நாயகம் திருப்பிக் கொடுத்துவிடுவார். குறை சொல்வது இலகு, மாற்றுச் சொல் எழுதுவது கடினம் என்பதை அந்த ஒரு கடதாசித் துண்டு கற்றுக்கொடுத்தது.

முதலாம் வாசகத்துக்கு வந்த திருத்தம், "ஒரு புத்தகம்" என்பதை "இரண்டு புத்தகங்கள்" என்று மாற்றுவது. சிறிய புத்தகங்கள் ஒரே நாளில் வாசித்து முடிந்துவிடுகின்றன என்றார் முன்மொழிந்தவர். மறுத்தவர் விதிப்படி அந்தக் காரணத்தைத் திருப்பிச் சொன்னார். பிறகு, "35 பேரும் இரண்டு எடுத்தால் 70 வேண்டும், அலுமாரியில் இருப்பது 48 தான்" என்றார். திருத்தம் 11 க்கு 19 என்று தோற்றது. கணிதப் பாடம் எதற்கு உதவும் என்று கேட்கும் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியாது.

இரண்டாம் வாசகத்தில் எல்லோரும் உடன்பட்டார்கள். சுகவீனமாக இருந்தால் என்ன செய்வது, நோன்பு விடுமுறையில் என்ன செய்வது என்ற இரண்டும் உடனே வந்தன. ஆனால் அதிக நேரம் எடுத்ததும் இதே வாசகம்தான். "சுகமில்லாத நாட்கள் கணக்கில் சேராது" என்று ஒரு குழு எழுதியது. சுகமில்லை என்று எப்படித் தெரியும் என்று ஒருவர் கேட்டார். "பாடசாலைக்கு வராத நாட்கள்" என்று மாற்றினார்கள். அப்படியென்றால் வேண்டுமென்று வராமல் நிற்பவர் வைத்துக்கொள்ளலாமா என்று இன்னொருவர். கடைசியில், "ஏழாம் நாள் பாடசாலை விடுமுறையாக இருந்தாலோ மாணவி வராவிட்டாலோ, அவர் பாடசாலைக்கு வரும் முதல் நாளில் கொடுக்க வேண்டும்" என்று நின்றது. இருபது நிமிடத்தில் ஒரு வசனம். ஆனால் அந்த வசனத்தில் வகுப்பில் பாதிப் பேரின் சொல் ஒன்றாவது இருந்தது.

மூன்றாம் வாசகத்துக்கு நான்காம் நாள் காலை இரண்டு திருத்தங்கள் வந்தன. ஒன்று, ஒரு மாதத் தடைக்குப் பதிலாக இருபது ரூபாய் தண்டம். பெரியவர்களின் நூலகங்களிலும் அப்படித்தானே என்பது முன்மொழிந்தவரின் காரணம். இதற்கு மறுப்புச் சொல்ல எழுந்தவர் அதுவரை ஒரு புளியங்கொட்டையும் செலவழிக்காத ஒரு பிள்ளை. முன்மொழிந்தவரின் காரணத்தைச் சரியாகச் சொல்லிவிட்டு, "காசு இருக்கிறவங்க இருபது ரூபாயைக் குடுத்துட்டுப் புத்தகத்தை வச்சிருப்பாங்க. காசு இல்லாதவங்க பயத்துல எடுக்கவே மாட்டாங்க. அப்ப சட்டம் ரெண்டு பேருக்கும் ஒண்டா இல்ல" என்றாள். சபை அமைதியானது. முன்மொழிந்தவர் பதில் சொல்ல எழுந்தார். விதிப்படி அவரும் முதலில் அந்தக் காரணத்தைத் தன் சொற்களில் சொல்ல வேண்டும். சொல்லத் தொடங்கினார், பாதியில் நின்றார். பிறகு, "கௌரவ சபாநாயகர் அவர்களே, எனது திருத்தத்தை நான் வாபஸ் பெறுகிறேன்" என்றார்.

யாரும் அவரைத் தோற்கடிக்கவில்லை. மற்றவரின் காரணத்தைத் தன் வாயால் சொன்னபோது அது சரி என்று அவருக்கே பட்டது. நூறு அறிவுரைகளால் செய்ய முடியாததை அந்த இரண்டாம் விதி செய்தது. சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்பது எமது அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரையில் இருக்கிறது. உயர்தரத்தில் அதை நாங்கள் மனனம் செய்கிறோம். அந்தப் பிள்ளை அந்த எண்ணை அறியாமலே அதன் பொருளைச் சொல்லிவிட்டாள்.

இரண்டாவது திருத்தம், ஒரு மாதம் என்பதை "எத்தனை நாள் பிந்தியதோ அத்தனை நாட்களுக்கு" என்று மாற்றுவது. சட்டம் வந்தால் சிலர் பயந்து ஒதுங்குவார்கள் என்று முன்னர் சொன்ன எட்டுப் பேரில் இருவர்தான் இதை எழுதியிருந்தார்கள். வாக்கெடுப்பில் 15 க்கு 15 என்று சமமாக வந்தது. அரசியலமைப்பின் 72ஆம் உறுப்புரைப்படி தலைமை தாங்குபவர் முதலில் வாக்களிக்க முடியாது, வாக்குகள் சமமாக வந்தால் மட்டும் அறுதியிடும் வாக்கை அளிக்கலாம். நான்கு நாட்களாக ஒரு கருத்தும் சொல்லாமல் இருந்த சபாநாயகர் திருத்தத்தின் பக்கம் வாக்களித்தார். இப்படி நடக்கும் என்று நாங்கள் எதிர்பார்க்கவில்லை. அந்த விதியைக் கரும்பலகையில் எழுதி விளக்கியிருந்தால் இந்தளவு மனதில் நின்றிருக்காது.

மூன்றாம் மதிப்பீட்டில் முழுச் சட்டமூலமும் 27 க்கு 3 என்று நிறைவேறியது. எமது நாட்டில் ஒரு சட்டமூலம் சபாநாயகர் தனது சான்றுரையை எழுதிக் கையொப்பமிடும்போதே சட்டமாகிறது. பொதுமக்கள் தீர்ப்புக்கு விட வேண்டிய சட்டமூலங்களுக்கு மட்டுமே வேறு வழி. ஜனாதிபதி கையொப்பமிட வேண்டும் என்று பெரியவர்களிலும் பலர் நினைத்திருக்கிறார்கள். எமது சிறிய சபாநாயகரும் தன் பெயரை எழுத்துக்கூட்டி எழுதிக் கையொப்பமிட்டார். திங்கட்கிழமை அந்தத் தாள் அலுமாரிக் கதவில் ஒட்டப்பட்டது.

எதிர்த்து வாக்களித்த மூவரும் அந்தச் சட்டத்துக்குக் கட்டுப்பட வேண்டும். இதுதான் எல்லாவற்றிலும் கடினமான பாடம். உஹத் யுத்தத்துக்கு முன்னர் மதீனாவுக்குள் இருந்தே தற்காத்துக்கொள்ளலாம் என்பது நபி (ஸல்) அவர்களின் எண்ணமாக இருந்தது. தோழர்களில் பலர், குறிப்பாக இளையவர்கள், வெளியே சென்று எதிர்கொள்ள விரும்பினார்கள். மஷூராவின் பின்னர் அவர்களின் கருத்தை ஏற்று நபியவர்கள் வெளியே புறப்பட்டார்கள். இந்த வரலாற்றை எமது பிள்ளைகள் இஸ்லாம் பாடத்தில் ஏற்கெனவே கேட்டிருக்கிறார்கள். மாதிரிப் பாராளுமன்றத்தில் அந்த மூவரிடம் அதை நினைவூட்டினால் போதும், தனியாக விளக்கத் தேவையில்லை. அதேநேரம் அவர்கள் ஏன் எதிர்த்தார்கள் என்பதும் ஹன்சாட்டில் எழுதப்பட வேண்டும். தோற்றவரின் காரணமும் பதிவில் இருந்தால்தான் பிறகு ஒருநாள் அதைத் திரும்ப எடுத்துப் பார்க்கலாம்.

இந்த முறையிலும் பிழைக்கக்கூடிய இடங்கள் உண்டு. ஆகப் பெரியது, பிள்ளைகள் தோழியைப் பார்த்துக் கை உயர்த்துவது. ஒவ்வொரு வாக்கிலும் அதே நான்கைந்து பேர் ஒரே நேரத்தில் ஒரே பக்கம் கை உயர்த்தினால் இதுதான் நடக்கிறது என்று அறியலாம். அதற்காகக் குழுநிலை வாக்குகளின்போது எல்லோரும் மேசையில் தலை சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டு கை உயர்த்தினார்கள். இறுதி வாக்கை மட்டும் பெயர் கூப்பிட்டு எடுத்தோம். தேர்தலில் பொதுமகன் வாக்களிப்பது இரகசியமாக, பாராளுமன்றத்தில் உறுப்பினர் வாக்களிப்பது வெளிப்படையாக. ஏன் அப்படி என்று பிள்ளைகள் கேட்கும்போது, மக்கள் தெரிவு செய்தவர் என்ன செய்தார் என்பது மக்களுக்குத் தெரிய வேண்டும் என்று விளக்க இதுவே நல்ல தருணம்.

இன்னொன்று, எதையும் வாக்குக்கு விடலாம் என்ற எண்ணம் வந்துவிடக் கூடாது. அடுத்த சட்டமூலத்துக்கு யோசனை கேட்டபோது, குறைந்த புள்ளி எடுப்பவர்கள் பின் வரிசையில் இருக்க வேண்டும் என்று ஒரு பிள்ளை எழுதித் தந்தாள். பெரும்பான்மை கிடைத்தாலும் இப்படியானதைச் சட்டமாக்க முடியாது. நாட்டில் ஒரு சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதா என்று உயர் நீதிமன்றம் பார்க்கிறது. வகுப்பில் அந்த வேலை வகுப்பாசிரியையினுடையது. எந்த மாணவியையும் பெயராலோ, புள்ளியாலோ, குடும்பத்தாலோ, மார்க்கத்தாலோ பிரிக்கும் யோசனை சபைக்கு வராது என்று முதல் நாளே அவர் அறிவித்துவிட வேண்டும். எங்கேயோ ஓரிடத்தில் சிறுபான்மையாக இருப்பவர்கள் நாங்கள். பெரும்பான்மைக்கும் ஓர் எல்லை உண்டு என்பதை எமது பிள்ளைகள் பெரும்பான்மையாக இருக்கும் இடத்திலேயே கற்றுக்கொள்வது நல்லது.

பெற்றார் கேட்கக்கூடிய இரண்டு கேள்விகளுக்கும் பதில் சொல்ல விரும்புகிறேன். புலமைப்பரிசில் பரீட்சைக்கு ஆயத்தமாகும் பிள்ளைகளுக்கு இதற்கு நேரம் ஏது என்பது முதலாவது. மொத்தம் நான்கு பாடவேளைகள்தான். ஒரு வசனத்தைப் பிழையில்லாமல், இரண்டு பொருள் வராமல் எழுதும் பயிற்சி தாய்மொழிப் பாடத்திலும் வேண்டியதுதான். பிள்ளைகள் வீட்டிலும் எதிர்த்துப் பேசத் தொடங்குவார்களே என்பது இரண்டாவது. பேசுவார்கள்தான். ஆனால் "ஏலாது" என்று கதவை அடிக்கும் பிள்ளைக்கும், "உம்மா, நீங்க சொல்றது இதுக்காகத்தான், ஆனா" என்று தொடங்கும் பிள்ளைக்கும் வித்தியாசம் இருக்கிறது. இரண்டாவது பிள்ளைக்குப் பதில் சொல்வது கொஞ்சம் கஷ்டம் என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

2018 நவம்பரில் எமது பாராளுமன்றத்துக்குள் மிளகாய்த்தூள் வீசப்பட்டதை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. அப்போது நான் தரம் 5 இல் இருந்தேன். பாராளுமன்றம் என்றால் அதுதான் என்று என் வயதுப் பிள்ளைகள் பலர் நினைத்துக்கொண்டோம். ஒரு சட்டமூலம் வாசகம் வாசகமாகத் திருத்தப்படுவதை யாரும் எமக்குக் காட்டவில்லை. சண்டை செய்தியாகிறது, திருத்தம் செய்தியாவதில்லை. அதனால்தான் அதைப் பாடசாலை காட்ட வேண்டியிருக்கிறது.

அலுமாரிச் சட்டம் வந்து ஒரு மாதத்தின் பின்னர் மீளாய்வுக்காக அந்த வகுப்புக்குச் சென்றோம். சட்டம் நடைமுறையில் இருந்தது. ஆனால் ஒரு புத்தகத்தின் மட்டை கிழிந்து, யார் ஒட்டுவது என்று பிரச்சினையாகி இருந்தது. சட்டத்தில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. பிள்ளைகள் ஆசிரியையிடம் முறையிடவில்லை. திருத்தச் சட்டமூலம் ஒன்றை ஏற்கெனவே எழுதி அறிவித்தற் பலகையில் ஒட்டியிருந்தார்கள்.

அடுத்த அமர்வுக்குப் பெற்றாரையும் அழைக்கலாம் என்று நினைக்கிறோம். ஒரு நிபந்தனை உண்டு. பாராளுமன்றத்தின் பார்வையாளர் கலரியில் இருப்பவர்கள் பேசவோ சைகை காட்டவோ கைதட்டவோ முடியாது. தன் பிள்ளை சொல்லைத் தேடித் தடுமாறும்போது எடுத்துக்கொடுக்காமல் ஒரு நிமிடம் அமைதியாக இருக்க உம்மாமாரும் வாப்பாமாரும் தயார் என்றால், பின் வரிசையில் கதிரைகள் போட்டு வைப்போம்.